எந்தத் திகதிக்குப் பிறகு?

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஓர் அக்கா என்னைத் தேடி வந்தா. நான் நீதிமன்றப் பதிவறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பது ஊருக்குத் தெரியும், அதனால் கடிதம் எழுதுவிக்க வருபவர்கள் புதிதில்லை. அவ கேட்ட கடிதந்தான் புதிது. "பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதித் தா. ஒப்பரேசனைத் தள்ளிப்போடச் சொல்லி." ஏன் என்று கேட்டேன். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தா. ஒன்று மேல் நீதிமன்ற அழைப்பாணை, யூன் 18ஆம் திகதி சாட்சியாக வரச்சொல்லி. மற்றது கிளினிக் கொப்பி. அதில் யூன் 11ஆம் திகதி சத்திரசிகிச்சை, 10ஆம் திகதி காலை விடுதியில் அனுமதியாக வேண்டும் என்று எழுதியிருந்தது. "கோட்டைத் தள்ளிப்போட ஏலாதுதானே பிள்ளை. ஆஸ்பத்திரி எண்டா சொல்லிப் பாக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. கிளினிக்குக்கு எத்தனையோ தடவை அலைந்து, இரத்தம் பார்த்து, ஈசிஜி எடுத்து, மயக்க மருந்து வைத்தியரிடமும் காட்டி, கடைசியில் கிடைத்த நாள் அது. அதை விட்டால் பட்டியலில் பின்னுக்குப் போய்விடுவா, இன்னொரு நாள் எப்போது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. மற்றப் பக்கத்தில் ஒரு சாட்சிக்குரிய தவணை. நீதிமன்றங்களில் தவணைகள் மாறுவது அன்றாடம் நடப்பது. சட்டத்தரணிக்குச் சுகமில்லை என்று மாறும், சிறைச்சாலை வண்டி வரவில்லை என்று மாறும், நீதிபதி விடுமுறை என்று மாறும். இவ்வளவுக்கும் மாறுகிற தவணையை, தன் உடம்புக்காக மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம் என்பது சாட்சிக்கு மட்டும் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஆட்கள் தங்கள் உடம்பைத் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்.

அவவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவவுக்குத் தெரிந்த ஒருவர், வேறொரு வழக்கில் சாட்சி, நெஞ்சு வருத்தத்துக்காக யாழ்ப்பாணத்தில் கிடந்தார். அழைப்பாணை கொண்டுவந்த பொலிஸ்காரரிடம் வீட்டுக்காரர் வாயால் சொல்லியிருந்தார்கள். அவரும் "சரி, நான் சொல்லுறன்" என்று போயிருக்கிறார். தவணை நாளில் அவர் வேறு கடமையில். வழக்கேட்டில் ஏறியது இவ்வளவுதான்: அழைப்பாணை சேர்ப்பிக்கப்பட்டுள்ளது, சாட்சி சமூகமளிக்கவில்லை, பிடியாணை. ஆள் வீட்டுக்கு வந்து படுத்திருக்கும்போது பொலிஸ் வந்தது. பிறகு நீதிமன்றத்தில் காரணம் சொல்லப் பிடியாணையை மீளப்பெற்றார்கள். ஆனால் ஊர் பார்த்தது வாசலில் நின்ற ஜீப்பைத்தான். அதற்கு முதலே, சாட்சி சொல்லப் போகாதபடியால் அவரை மற்றப் பக்கம் வாங்கிவிட்டது என்ற கதையும் ஓடியிருந்தது. வன்னியில் ஒரு சாட்சிக்குப் பிடியாணையைவிட அந்தக் கதைதான் கூடச் சுடும்.

பிடியாணை எப்படி வருகிறது

இதை நான் அக்காவுக்கு முதலில் விளக்க வேண்டியிருந்தது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின்படி, அழைப்பாணை பெற்ற ஒருவர் வராவிட்டால் நீதிமன்றம் பிடியாணை விடலாம். ஆனால் அதற்கு மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர வேண்டும். வந்து சேரப் போதிய கால அவகாசத்தோடு அழைப்பாணை உரியபடி கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆள் வராமல் இருக்க வேண்டும். வராததற்கு நியாயமான காரணம் எதுவும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படாமலும் இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் சாட்சியின் பிடி இருக்கிறது. காரணம் உங்களிடம் இருந்தால் போதாது. அது அன்றைய நாளில், அந்த நீதிபதிக்கு முன்னால், அந்த வழக்கேட்டுக்குள் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவருக்கு உலகத்திலேயே மிக நியாயமான காரணம் இருந்தது. அது நீதிமன்றத்துக்கு வந்து சேரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

குற்றவியல் வழக்கில் சாட்சிக்கென்று சட்டத்தரணி கிடையாது. எதிரிக்கு இருப்பார். வழக்குத்தொடுநர் தரப்புக்கு மேல் நீதிமன்றத்தில் அரச சட்டத்தரணி இருப்பார், நீதவான் நீதிமன்றத்தில் பெரும்பாலும் பொலிசார் நடத்துவார்கள். சாட்சி எந்தப் பக்கத்துக்கும் கட்சிக்காரர் அல்ல. ஆகவே அவருக்காக எழுந்து நின்று "கனம் நீதிபதி அவர்களே" என்று சொல்ல அங்கே யாரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. கடிதந்தான் அவருடைய வாய். ஒரு சட்டத்தரணியைப் பிடித்து நகர்த்தல் பத்திரம் போடலாம், தவறில்லை. ஆனால் ஒரு சாட்சி தான் வர முடியாத காரணத்தைச் சொல்வதற்காகக் காசு செலவழித்து ஆள் பிடிக்க வேண்டியதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஜூரிக் கடமை பற்றியும் சிலர் கேட்பதுண்டு. எங்கள் நாட்டில், பாரதூரமான சில குற்றங்களில் எதிரி விரும்பிக் கேட்டால் மட்டும் மேல் நீதிமன்றத்தில் ஏழு பேர் கொண்ட ஜூரி அமரும். வன்னியில் ஒருவர் ஜூரியாக அழைக்கப்படுவது அருமை, சாட்சியாக அழைக்கப்படுவதோ எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். சாட்சி ஒருவர் வராவிட்டால் அவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கேட்கலாம். ஜூரியில் இருப்பவர் ஒவ்வொரு நாளும் முழு நேரமும் இருந்து எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். எனவே சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் ஒருவர் அதை ஜூரியைத் தெரிவு செய்ய முன்னரே சொல்லிவிட வேண்டும். தெரிவாகி அமர்ந்த பிறகு சொன்னால் அது அவருடைய தனிப் பிரச்சினையாக நிற்காது, வழக்கையே குலைக்கும்.

அக்கா கொண்டுவந்த கடிதம்

ஆஸ்பத்திரிக்கு எழுதக் கேட்டு வந்தாலும், அவவின் பையில் நீதிமன்றத்துக்கென்று ஏற்கெனவே எழுதிய ஒரு கடிதமும் இருந்தது. தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தாராம். "இதைக் குடுத்துப் பிரயோசனமில்லை எண்டு மகன் சொல்லுறான்" என்று தயங்கித் தயங்கி எடுத்தா. ஒன்றரைப் பக்கம். தான் கணவனை இழந்தவள் என்று தொடங்கி, இடப்பெயர்வுகளைச் சொல்லி, பிள்ளைகளின் நிலையைச் சொல்லி, பேருந்து வசதியில்லாததைச் சொல்லி, வருத்தத்தைப் பற்றி நீளமாகச் சொல்லி, கடைசியில் "ஏழை எனக்கு இரக்கம் காட்டி எனது வழக்கைத் தள்ளிவைத்து உதவுமாறு தாழ்மையுடன் மன்றாடுகிறேன்" என்று முடிந்திருந்தது. பொய் ஒரு வரிகூட இல்லை. ஆனால் பதிவறையில் இருந்த எனக்கு அதை வாசித்ததும் தெரிந்தது, இதை எந்த வழக்கேட்டில் கோர்ப்பது என்றே பதிவறை அலுவலருக்குத் தெரியாது. வழக்கு இலக்கம் இல்லை. தவணைத் திகதி இல்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள் என்று இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமாக, எந்தத் திகதிக்குப் பிறகு அவவால் வர முடியும் என்பது இல்லை.

இப்படிப்பட்ட கடிதங்களை நான் வேலையில் இருந்த காலத்தில் நிறையக் கண்டிருக்கிறேன். எழுதுபவர்கள் நீதிபதியின் மனதை இளக்கப் பார்க்கிறார்கள். நீதிபதியின் கையில் அந்த நேரத்தில் இருக்கும் கேள்வி வேறு. எதிரி விளக்கமறியலில் இருக்கிறாரா, பிணையிலா? வழக்கு எவ்வளவு பழையது? இன்றைக்கு வேறு சாட்சிகள் வந்திருக்கிறார்களா? இந்தச் சாட்சி இல்லாமல் அவர்களை முதலில் கேட்கலாமா? அடுத்த தவணையை எந்த நாளுக்குப் போட்டால் இவர் நிச்சயமாக வருவார்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாத கடிதம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் நீதிபதியை இருட்டில் விடுகிறது. அவர் ஒரு மாதத்தில் தவணை போடுவார், சாட்சி அப்போதும் படுக்கையில் இருப்பார், இரண்டாம் முறையும் வரவில்லை என்று பதிவாகும். இரண்டாம் முறைக்குப் பிறகு யாருக்கும் பொறுமை இருக்காது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கடிதத்தில் "எனக்கு இந்த வழக்கைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது, பொலிசார் கேட்டதால்தான் சொன்னேன்" என்று ஒரு வரி இருந்தது. எழுதிக் கொடுத்தவர் நல்லெண்ணத்தில், அவவை விட்டுவிடுவார்கள் என்று நினைத்துச் சேர்த்திருக்கிறார். நான் அதை வாசித்துவிட்டு, "அக்கா, இது உங்கடை கதையோ, எழுதினவற்றை கதையோ?" என்று கேட்டேன். "நான் கண்ணாலை கண்டனான் பிள்ளை. அவர் சும்மா போட்டது." அந்த ஒரு வரிக்காகவே அந்தக் கடிதம் கொடுபடாமல் இருந்தது நல்லது. நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் எந்தக் கடிதமும் வழக்கேட்டுக்குள் போகும். எதிரியின் சட்டத்தரணி அதைப் பார்க்கலாம். நாளை குறுக்கு விசாரணையில், "உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்று அந்தத் தாளை நீட்டுவார். தவணை மாற்றக் கேட்கும் கடிதத்தில் சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. யாராவது மிரட்டுகிறார்கள் என்றால் அது வேறு விஷயம். அதற்குச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2015இல் வந்து பிறகு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதிதாக்கப்பட்டது. அந்த முறைப்பாட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். சத்திரசிகிச்சைக் கடிதத்தோடு கலந்தால் இரண்டும் பழுதாகும்.

"உதெல்லாம் கோட்டிலை வாசிப்பினமோ?"

புதிதாக எழுதலாம் என்று நான் பேனையை எடுத்தபோதுதான் அவ உண்மையான தயக்கத்தைச் சொன்னா. என்ன ஒப்பரேசன் என்று நான் கேட்டதற்கு முதலில் "வயித்திலை" என்றா. கிளினிக் கொப்பியில் கிடந்ததை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்தா. கருப்பை இறக்கம். பல வருடமாகச் சுமந்திருக்கிறா, விறகு தூக்கி, தண்ணீர் தூக்கி, தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து. கருப்பையை அகற்றுவதாக வி.ஓ.ஜி. டொக்டர் சொல்லியிருக்கிறார். "உதெல்லாம் கோட்டிலை வாசிப்பினமோ பிள்ளை? எதிரியின்ரை ஆக்கள் எல்லாம் வந்து இருப்பினம். எங்கடை ஊர் ஆம்பிளையள் இருப்பினம். அதுக்கு நான் ஒப்பரேசனைத் தள்ளிப்போடுறன்."

அவ சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட நினைத்ததற்குப் பாதிக் காரணம் பிடியாணை, மற்றப் பாதி இதுதான். கிராமத்துப் பெண்களில் எத்தனை பேர் இந்த ஒரு காரணத்துக்காகவே வாய் திறக்காமல் வலியோடு பேருந்து ஏறி நீதிமன்றத்துக்குப் போயிருப்பார்கள் என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இதற்கு விடை இருக்கிறது, சிக்கலானதும் அல்ல. நீதிமன்றத்துக்குத் தேவை எந்த உறுப்பு என்பதல்ல. சத்திரசிகிச்சை உண்மையில் நடக்கவிருக்கிறதா, எப்போது, எங்கே, அதன்பின் எவ்வளவு காலம் பயணம் செய்ய முடியாது என்பவையே. ஆகவே கடிதத்தில் "சத்திரசிகிச்சை" என்ற சொல் போதும். நோயின் பெயர் வைத்தியரின் சான்றிதழில் இருக்கட்டும். அதை ஒரு கடிதஉறையில் போட்டு ஒட்டி, மேலே "மருத்துவ ஆவணம், கௌரவ நீதிபதி அவர்களின் பார்வைக்கு" என்று எழுதிக் கடிதத்தோடு இணைத்துவிடலாம். கடிதத்திலேயே ஒரு வரி: நோய் விபரம் தனிப்பட்டது என்பதால் திறந்த மன்றில் வாசிக்கப்படாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன். நீதிபதி இதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பார்க்க வேண்டும் என்று கேட்டால் காட்ட நேரலாம். ஆனால் காட்டுவது வேறு, பெயர் கூப்பிடும் இடத்தில் உரத்து வாசிப்பது வேறு. பெண்ணொருவர் இப்படிக் கேட்டிருக்கும்போது அதை உரத்து வாசித்த ஒரு நீதிபதியை என் வேலைக்காலத்தில் நான் காணவில்லை. இதைச் சொன்ன பிறகுதான் அவ நிமிர்ந்து கதிரையில் சாய்ந்து இருந்தா.

பிறகு சான்றிதழ். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இங்கேதான் தடக்குப்படுகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் என்ன செய்தார்கள், எந்தத் திகதி, எவ்வளவு ஓய்வு என்றெல்லாம் இருக்கும். நல்ல அத்தாட்சி. ஆனால் அது சத்திரசிகிச்சை முடிந்த பிறகுதான் கைக்கு வரும். கடிதமோ அதற்கு முன்னர் போக வேண்டும். ஆகவே அத்தாட்சியை இரண்டு கட்டமாகப் பார்க்க வேண்டும். முதற் கட்டத்துக்குக் கிளினிக் கொப்பியின் முகப்புப் பக்கமும் திகதி குறித்த பக்கமும் பிரதியெடுத்து, கிளினிக்கில் வைத்தியரிடம் ஒரு சிறு கடிதம் கேட்டு வாங்க வேண்டும்: இன்னாருக்கு இன்ன திகதி சத்திரசிகிச்சை திட்டமிடப்பட்டுள்ளது, அதன்பின் ஆறு வாரம் ஓய்வு பரிந்துரைக்கப்படுகிறது. கேட்காமல் தரமாட்டார்கள், அந்தச் சனக்கூட்டத்தில் அவர்களுக்கு நேரமில்லை. அழைப்பாணையைக் காட்டிக் கேட்டால் தருவார்கள். இரண்டாம் கட்டத்துக்கு டயக்னோசிஸ் கார்ட். சிகிச்சை தருகிற அரச வைத்தியரின் கடிதம் இருக்கும்போது, வேறெங்காவது தனியார் இடத்தில் காசு கொடுத்து ஒரு துண்டு வாங்கி இணைக்க வேண்டாம். பதிவறைக்காரர் அதைப் பார்க்கும் விதமே வேறு.

நாங்கள் எழுதியது

இதுதான் அக்காவின் கடிதம், பெயரும் இலக்கங்களும் நீக்கி. அனுப்புநர் இடத்தில் முழுப்பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், மகனின் தொலைபேசி இலக்கம். பெறுநர் வவுனியா மேல் நீதிமன்றப் பதிவாளர். அதற்குக் கீழே தனி வரிகளாக வழக்கு இலக்கம், எதிரியின் பெயர், தவணைத் திகதி யூன் 18, குற்றப்பத்திரத்தின்படி சாட்சி இலக்கம் 3. கடிதம் மே 30ஆம் திகதியிட்டது.

"மேற்படி வழக்கில் யூன் 18ஆம் திகதி சாட்சியமளிப்பதற்கான அழைப்பாணை எனக்குக் கிடைத்துள்ளது.

யூன் 11ஆம் திகதி எனக்குச் சத்திரசிகிச்சை செய்ய அரச வைத்தியசாலையில் திகதி குறிக்கப்பட்டுள்ளது. யூன் 10ஆம் திகதி அனுமதிக்கப்படுவேன். அதன்பின் ஆறு வாரங்கள் ஓய்வு தேவை என வைத்தியர் அறிவித்துள்ளார். எனவே யூன் 18ஆம் திகதி மன்றில் சமூகமளிக்க இயலாத நிலையில் உள்ளேன்.

இவ்வழக்கில் சாட்சியமளிக்க நான் ஆயத்தமாகவும் விருப்பமாகவும் உள்ளேன். யூலை 24ஆம் திகதியிலிருந்து மன்று குறிக்கும் எந்த நாளிலும் சமூகமளிப்பேன். யூன் 18ஆம் திகதி ஏனைய சாட்சிகளை விசாரிப்பதற்கு எனது இயலாமை தடையாக இருக்காது என நம்புகிறேன்.

சத்திரசிகிச்சையின் திகதி மாறினால் உடனடியாக அறியத்தருவேன். புதிய தவணையை மேற்படி முகவரிக்கோ தொலைபேசிக்கோ அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கிளினிக் பதிவின் பிரதியும் வைத்தியரின் கடிதமும் மூடிய உறையில் இணைக்கப்பட்டுள்ளன. நோய் விபரம் தனிப்பட்டது ஆகையால் திறந்த மன்றில் வாசிக்கப்படாதிருக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்."

கீழே கையொப்பம். பிரதிகள்: அரச சட்டத்தரணிக்கும், வழக்கை நடத்திய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும்.

அக்கா இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "என்ன பிள்ளை, ஒரு கும்பிடுகூட இல்லை" என்றா. பணிவு இருக்கிறது அக்கா, மன்றாட்டம்தான் இல்லை என்றேன். சாட்சியம் சொல்வது அவ நீதிமன்றத்துக்குச் செய்யும் கடமை. அதை எப்போது செய்யலாம் என்று அறிவிக்கிறா. இரக்கம் கேட்க அவ எதையும் செய்யவில்லை. "பேருந்து இல்லை, வீட்டிலை ஆள் இல்லை" என்பதையும் நான் வேண்டுமென்றே விட்டேன். வலுவான ஒரு காரணம் தனியே நிற்கும்போது இருக்கும் பாரம், அதோடு நாலு சில்லறைக் காரணங்களைச் சேர்த்தால் குறைந்துவிடும். வாசிப்பவர், எப்படியும் வர மனமில்லாத ஒருவர் எழுதியது என்று நினைக்கத் தொடங்குவார்.

மற்றச் சாட்சிகளைப் பற்றிய வரியை ஏன் போட்டேன் என்று மகன் கேட்டான். மேல் நீதிமன்ற வழக்கொன்றில் ஒரு நாளைக்குப் பல சாட்சிகளை அழைத்திருப்பார்கள். சட்ட வைத்திய அதிகாரி ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார், இடமாற்றமாகித் தெற்கில் வேலை செய்யும் பொலிஸ் அதிகாரி இரவிரவாகப் பயணம் செய்து வந்திருப்பார். மூன்றாம் சாட்சி வரவில்லை என்று முழு நாளையும் கலைத்தால் அவர்கள் எல்லோருக்கும் வீண் அலைச்சல். எதிரி விளக்கமறியலில் இருந்தால் அவருக்கும் ஒரு தவணை வீண். அக்கா கேட்பது வழக்கைத் தள்ளிவைக்கும்படி அல்ல, தன் முறையைத் தள்ளிவைக்கும்படி. அதைக் கடிதமே சொல்லிவிட்டால், முன்கூட்டி வாசிக்கும் அரச சட்டத்தரணி அன்றைக்கு யாரை முதலில் கேட்பது என்று ஒழுங்குபண்ணிக்கொள்வார்.

எழுதுவது பாதி வேலை. கொடுப்பது மற்றப் பாதி. மகனை மாங்குளத்தால் வவுனியாவுக்கு அனுப்பினேன். பதிவறையில் நேரே கொடு, இரண்டு பிரதி கொண்டுபோ, ஒன்றில் அவர்களின் திகதி முத்திரையை வாங்கிக்கொண்டு வா என்று சொன்னேன். பதிவுத் தபாலும் ஆகும், ஆனால் தபால் சேர்ந்ததற்குத்தான் அது சாட்சி, வழக்கேட்டில் கோர்க்கப்பட்டதற்கு அல்ல. தவணைக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருக்கும்போது கொடுத்தால் பதிவறை அதை ஆறுதலாக வழக்கேட்டில் சேர்க்கும். முதல் நாள் கொண்டுபோனால் வழக்கேடு ஏற்கெனவே நீதிபதியின் மேசைக்குப் போயிருக்கலாம். பொலிஸ் நிலையத்திலும் வாயால் சொல்லாமல் பிரதியைக் கொடுத்து முத்திரை வாங்கச் சொன்னேன்.

திகதி மாறியது

யூன் 10ஆம் திகதி அவ விடுதிக்குப் போனா. அங்கே பிரஷர் பார்த்தபோது கூடவாக இருந்தது. அப்படியானால் மயக்க மருந்து வைத்தியர் சம்மதிக்கமாட்டார். மருந்து கொடுத்துக் குறைத்துப் பார்த்து, யூன் 18ஆம் திகதிக்கு மாற்றினார்கள். திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளில் இது சாதாரணமாக நடப்பது. தடிமன் இருமல் என்றாலும் மாறும், அவசர நோயாளி ஒருவர் வந்து தியேட்டரை எடுத்துவிட்டாலும் மாறும். அதற்காகத்தான் அந்த "மாறினால் அறியத்தருவேன்" என்ற வரி.

மகன் தொலைபேசியில் பதறினான். தவணையும் அதே 18, இப்போது என்ன செய்வது, முதற் கடிதம் பொய்யாகிவிடுமே என்று. முதற் கடிதம் பொய்யாகாது, திருத்தாமல் விட்டால்தான் பிரச்சினை. 11ஆம் திகதி செய்ததாக நினைத்து நீதிபதி யூலைக் கடைசியில் தவணை போட்டால் அவவின் ஆறு வாரம் முடிந்திருக்காது. இரண்டாம் கடிதம் நாலே வரி: அதே வழக்கு இலக்கம், மே 30ஆம் திகதிய கடிதத்தின் தொடர்ச்சி, மருத்துவக் காரணத்தால் சத்திரசிகிச்சை யூன் 18க்கு மாற்றப்பட்டுள்ளது, எனவே யூலை 31ஆம் திகதியிலிருந்து எந்த நாளிலும் சமூகமளிப்பேன். கிளினிக் கொப்பியில் புதிய திகதி எழுதிய பக்கத்தின் பிரதி இணைப்பு. மீண்டும் பதிவறை, மீண்டும் முத்திரை.

18ஆம் திகதி அக்கா தியேட்டரில். மகனை நீதிமன்றத்தில் நிற்கச் சொன்னேன். கடிதம் கொடுத்த பிறகும் ஏன் என்றான். கடிதம் வழக்கேட்டில் இருந்தாலும், பெயர் கூப்பிடும்போது ஒரு ஆள் எழுந்து நின்று "அம்மா ஆஸ்பத்திரியிலை" என்று சொல்வதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது. முத்திரை வாங்கிய இரண்டு பிரதிகளும் அவன் கையில் இருந்தன. ஆனால் அவற்றைக் காட்டத் தேவை வரவில்லை. அரச சட்டத்தரணியே எழுந்து மூன்றாம் சாட்சியின் கடிதம் வழக்கேட்டில் இருப்பதைச் சொல்லியிருக்கிறார். சட்ட வைத்திய அதிகாரியையும் பொலிஸ் சாட்சியையும் அன்றைக்குக் கேட்டு முடித்தார்கள். அக்காவுக்கு ஓகஸ்ட் மாதத்தில் தவணை. உறை திறக்கப்பட்டு, பார்க்கப்பட்டு, மூடப்பட்டது. அதிலிருந்த ஒரு சொல்லும் மன்றில் கேட்கவில்லை என்று மகன் சொன்னான். அக்கா என்னிடம் முதலில் விசாரித்தது அதைத்தான், தவணையைப் பற்றியல்ல.

ஓகஸ்டில் அவ போனா. டயக்னோசிஸ் கார்ட்டையும் கொண்டுபோகச் சொல்லியிருந்தேன், பதிவறையில் காட்டிப் பிரதியைச் சேர்ப்பித்தா. கூண்டில் நீண்ட நேரம் நிற்க ஏலாவிட்டால் கதிரை கேட்கலாம் என்றும் சொல்லியிருந்தேன். கேட்டிருக்கிறா, கொடுத்திருக்கிறார்கள். அரச சட்டத்தரணி கேட்டு முடிக்க மத்தியானமாகிவிட்டது. குறுக்கு விசாரணைக்கு இன்னொரு தவணை போட்டு, அந்த நாளுக்கு வரும்படி மன்றிலேயே அவவை எச்சரித்து அனுப்பினார்கள். இப்படி மன்றில் நேரே எச்சரிக்கப்படும் சாட்சிக்குப் பிறகு வீட்டுக்கு அழைப்பாணை வராது. அதற்காகக் காத்திருந்து தவணையை விட்டவர்கள் இருக்கிறார்கள். அக்கா திகதியைக் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் எழுதுவித்துக்கொண்டு வந்திருந்தா. அடுத்த கிளினிக் நாளோடு அது முட்டவில்லை என்று இருவருமாகப் பார்த்துக்கொண்டோம்.